அறை இல்லையென்றால் நேரமாவது வேண்டும்

வீட்டிலிருந்தே உழைக்கும் ஒரு பெண்ணுக்கு முதலில் என்ன தேவை என்று கேட்டால், பெரும்பாலானோர் தனி அறை என்பார்கள். ஆங்கில எழுத்தாளர் வேர்ஜீனியா வூல்ஃப் 1929இல் வெளியிட்ட நூலில், எழுத விரும்பும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுண் வருமானமும் சொந்தமாக ஓர் அறையும் வேண்டும் என்று வாதிட்டார். அவர் சொன்னது சரிதான். ஆனால் இரணைமடுவைச் சுற்றியுள்ள எங்கள் வீடுகளில் அந்த அறை இன்றைக்கோ நாளைக்கோ வந்துவிடப் போவதில்லை. அதுவரை ஒரே ஹோலில் தைப்பவரும் படிப்பவரும் தொலைக்காட்சி பார்ப்பவரும் தினமும் முகம் சுளித்துக்கொண்டே இருப்பதா? இந்தச் சச்சரவுக்கு இடம் போதாமை மட்டும் காரணமல்ல என்பதே என் கருத்து. வேலை நடக்கும் இடம் எல்லோரும் நடக்கும் வழியாக இருக்கிறது. அந்த வேலையில் எந்த நிமிடம் நிறுத்தக்கூடாத நிமிடம் என்பதும் வீட்டாருக்குத் தெரியாது. இந்த இரண்டையும் பணமில்லாமலே ஓரளவு திருத்தலாம்.

முதலில் வீட்டைப் பார்ப்போம். யுத்தம் முடிந்த பின் வன்னியில் எழுந்த கல்வீடுகளில் பெருந்தொகையானவை இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டப்பட்டவை. 2010இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளில் பெரும்பகுதி வடக்குக்கும் கிழக்குக்கும் வந்தது. ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டு, வீட்டுக்காரரே முன்னின்று கட்டினார்கள். ஏறத்தாழ 550 சதுர அடியில் இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. தகரக் கொட்டிலில் இருந்தவர்களுக்கு அது பெரிய நிஃமத். அந்த வீடு உறங்கவும் சமைக்கவும் வரைந்த வீடு. அதற்குள் ஒருவர் நாள் முழுக்கத் தொழில் செய்வார் என்று வரைபடம் நினைத்துப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டின் ஹோல் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்வாசலிலிருந்து குசினிக்கும் இரண்டு அறைகளுக்கும் போவதென்றால் அதற்குள்ளால்தான் போகவேண்டும். பெயர் ஹோல், செய்யும் வேலை ஒழுங்கை. உம்மாவின் தையல் மெஷின் அங்கேதான் இருக்கிறது. ஒரு நீள உடுப்புக்கு மூன்று மீற்றர் துணியைத் தரையில் விரித்தால் ஏறத்தாழப் பத்தடி. சுவருக்குச் சுவர் சரியாகப் போய்விடும். அந்த நேரம் தண்ணீர் குடிக்கப் போகும் தம்பிகூடத் துணியைத் தாண்டித்தான் போகவேண்டும். கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வீடு வந்தால், உயர்தரப் புத்தகங்களுடன் நானும் அதே ஹோலில்தான். எங்களில் எவரும் கெட்டவர்கள் அல்ல. ஒழுங்கையின் நடுவில் கடை போட்டால் யாராக இருந்தாலும் மோதத்தான் செய்வார்கள்.

அடுத்தது வேலையின் தன்மை. தையலில் எல்லா நிமிடங்களும் ஒன்றல்ல. ஓரம் மடித்துத் தைக்கும்போது கூப்பிட்டால் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டுப் பதில் சொல்லலாம். பொத்தான் தைக்கும்போது கதையே கேட்கலாம். தையல் பிழைத்தாலும் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். ஆனால் அளவெடுத்து, சோக்கால் கோடு போட்டு, கத்திரி வைக்கும் அந்த முக்கால் மணி நேரம் அப்படியல்ல. வெட்டிய துணி திரும்ப ஒட்டாது.

கடந்த நோன்புப் பெருநாளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மார்புச் சுற்று 34 அங்குலம் உள்ள ஒருவருக்குத் தளர்வான நீள உடுப்பு. தளர்வுக்கு 4 அங்குலம் சேர்த்தால் 38. முன்னும் பின்னும் மடித்து வெட்டுவதால் அதை நான்காகப் பிரிக்க ஒன்பதரை. தையலுக்கு உள்ளே போகும் அரை அங்குலத்தையும் சேர்த்துப் பத்தில் கோடு போடவேண்டும். உம்மா ஒன்பதரை என்று மனதில் கணக்குப் பார்த்த அந்த நொடியில் நானா, "உம்மா, சார்ஜர் எங்க வெச்சீங்க?" என்று கேட்டார். உம்மா சொன்னார், திரும்பக் குனிந்தார், ஒன்பதரையிலேயே கோட்டைப் போட்டு வெட்டிவிட்டார். அரை அங்குலம்தானே என்று நினைக்கலாம். இரண்டு பக்கத் தையலிலும் சேர்த்து நான்கு ஓரங்கள், ஒவ்வொன்றிலும் அரை அங்குலம். மொத்தம் இரண்டு அங்குலம் போய்விட்டது. இந்தப் பிழை வெட்டும்போது கண்ணுக்குத் தெரியாது. தைத்து முடித்து, உடுத்திப் பார்த்து, கையைத் தூக்கும்போதுதான் தெரியும். மிஞ்சிய துணியில் அக்குளிலிருந்து கீழ்வரை பட்டி வைத்து உம்மா சமாளித்தார். ஆனால் அந்த உடுப்புக்குக் கூலி கேட்க அவருக்கு மனம் வரவில்லை. நானாவின் கேள்வி ஐந்து விநாடி. அதன் விலை ஒரு நாள் உழைப்பு.

இதே நானா சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தபோது எங்கள் வீட்டில் மூன்று மாதம் தொலைக்காட்சி பேசவில்லை. விருந்தாளிகள்கூட விறாந்தையோடு நின்று ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். வாப்பா கணக்குக் கொப்பியை விரித்தால் நாங்கள் எல்லோரும் காலை மெதுவாக வைக்கிறோம். அப்படியானால் இந்தச் சிறிய வீட்டுக்கும் அமைதி தரத் தெரியும். யாருக்குத் தருவது என்பதில்தான் வித்தியாசம். உம்மா வீட்டில் இருப்பதால் அவர் எப்போதும் கூப்பிடக்கூடியவர் என்று நினைக்கிறோம். அவர் உழைப்பில் வரும் காசை வருமானமாக எண்ணுகிறோம், உழைக்கும் நேரத்தை வேலை நேரமாக எண்ணுவதில்லை.

தனி அறை இல்லாமல் வேலை செய்த பெண்கள் வரலாற்றில் பலர். ஜேன் ஒஸ்ரின் இங்கிலாந்தின் சோட்டன் கிராமத்தில், குடும்பத்தார் கூடும் பொது அறையில் இருந்து நாவல் எழுதினார். யாராவது வந்தால் சட்டென்று மறைக்கக்கூடிய சிறு தாள்களில் எழுதினார் என்றும், கிறீச்சிடும் ஒரு கதவைத் திருத்த விடவில்லை என்றும் அவருடைய மருமகன் பின்னாளில் எழுதிவைத்தார். அந்தச் சத்தம்தான் ஆள் வருவதற்கான அறிவிப்பு. நம் மொழியில், தமிழ்நாட்டின் துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மா, பருவ வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். திருமணத்தின் பின் வீட்டாருக்குத் தெரியாமல், இரவில் கழிவறையில் நின்று எழுதினார். அந்த வீட்டில் தாழ்ப்பாள் போட அவருக்குக் கிடைத்த கதவு அதுதான். இந்த இரு கதைகளையும் சாதனைக் கதைகளாக மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இருவரும் வேலையை ஒளித்துத்தான் காப்பாற்றினார்கள். ஒளித்த வேலைக்கு வீடு ஒருபோதும் இடம்விடாது, ஏனென்றால் அப்படி ஒன்று நடப்பதே வீட்டுக்குத் தெரியாது. நம் உம்மாமார் தங்கள் வேலையை ஒளிக்கத் தேவையில்லை. வெளிப்படையாக வைத்து, அதற்குரிய நேரத்தைக் கேட்கலாம்.

இதற்கு நம் மார்க்கத்திலேயே அழகான வழிகாட்டல் உண்டு. அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனம், வீட்டிலுள்ள பணியாட்களும் பருவமடையாத பிள்ளைகளும்கூட மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என்கிறது: சுபஹ் தொழுகைக்கு முன், நண்பகலில் ஓய்வெடுக்கும்போது, இஷாவுக்குப் பின். அந்தச் சட்டத்தின் நோக்கம் வெட்கத்தைப் பேணுவது, தொழில் அல்ல. ஆனாலும் அதில் எனக்கொரு பாடம் தெரிகிறது. அன்றைய மதீனாவின் வீடுகள் மிகச் சிறியவை. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் இரவில் தொழும்போது தான் முன்னே படுத்திருப்பதாகவும், ஸுஜூது செய்யும்போது அவர்கள் தொட்டால் தான் காலை மடக்கிக்கொள்வதாகவும் ஆயிஷா நாயகி அறிவித்திருக்கிறார்கள். ஒருவர் தொழ, ஒருவர் உறங்க, இருவருக்கும் நடுவே சுவரில்லை. ஒரு தொடுகை அடையாளமாகப் போதுமாயிருந்தது. சுவர் எழுப்ப முடியாத இடத்தில் நேரமும் அனுமதியும் அடையாளமும் சுவராக நிற்கும் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது செய்வது இதுதான். மெஷின் ஹோலை விட்டு, யாரும் கடந்து போகாத அறை மூலையில், யன்னலோரம் போயிருக்கிறது. வெட்டுவதற்கு மட்டும்தான் ஹோல். அதற்கு இரண்டு நேரங்கள்: சுபஹ் தொழுதபின் வீடு எழும்பும்வரை, பிறகு பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பின் ஒரு மணி நேரம். உம்மாவின் கழுத்தில் அளவு நாடா கிடந்தால் யாரும் எதுவும் கேட்கக்கூடாது. நாடா ஆணியில் தொங்கினால் கேட்கலாம். உடுப்புக் கொடுக்கவும் வாங்கவும் வருபவர்களுக்கு அஸருக்குப் பின் என்று சொல்லியாயிற்று. மஃரிபிலிருந்து இஷாவரை ஹோல் படிப்பவர்களுக்கு. ஒன்பது வயதுத் தம்பிதான் இந்தச் சட்டத்தை முதலில் பிடித்துக்கொண்டான். வாப்பாவுக்கே சிலநேரம், "நாடா கழுத்தில, வாப்பா" என்று நினைவூட்டுகிறான்.

இதற்கும் எல்லை உண்டு. கைக்குழந்தைக்கு நாடா விளங்காது. நோயில் கிடக்கும் உம்மம்மாவை அஸர்வரை பொறுங்கள் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட வீட்டில், வெட்டும் அந்த நேரத்துக்குக் குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்ள இன்னொருவர் பெயர் சொல்லி நியமிக்கப்படவேண்டும். எல்லாவற்றிலும் கடினம் ரமழானின் கடைசிப் பத்து. தையல் குவிவதும் அப்போதுதான், விடுமுறையில் வீடு நிறைவதும் அப்போதுதான், ஓர் உம்மா இபாதத்துக்கு ஏங்குவதும் அப்போதுதான். எந்த நேர அட்டவணையும் அந்த மூன்றையும் ஒன்றாகத் தாங்காது. துணி எடுப்பதை நோன்பு இருபதோடு நிறுத்துவதும், அதனால் குறையும் வருமானத்தை வீட்டார் எல்லோரும் சேர்ந்து ஏற்பதும்தான் வழி. அந்தப் பெருநாளில் எனக்குப் புது உடுப்பு ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை.

தனி அறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இனி வன்னியில் வீடு வரைபவர்கள், நடைவழியில் படாத ஓர் எட்டடி மூலையாவது வேலைக்கென்று விட்டு வரையட்டும். வீடு கட்டியபின் பழைய கொட்டிலைப் பிரிக்க நினைப்பவர்கள் அதற்கு முன் ஒருமுறை யோசிக்கட்டும். ஆனால் சுவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சகோதரிகளே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டில் உழைப்பவரிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "உங்கட வேலையில எந்த நேரம் நாங்க கூப்பிடக் கூடாது?" இதுவரை யாரும் அதை அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள்.