சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்

கோடை விடுமுறையில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறும் காரை எண்ணிப் பாருங்கள். உள்ளே ஐந்து பேர், ஏசி ஓடுகிறது, கியர் இரண்டைத் தாண்டவில்லை. இன்ஜின் முழு மூச்சாக உழைக்கிறது. ஆனால், வேகம் குறைவு என்பதால் ரேடியேட்டருக்குப் போதிய காற்று கிடைப்பதில்லை. இன்ஜின் சூடேறுவது இப்படித்தான்.

வழக்கமாக நடுவில் நிற்கும் வெப்பமானி முள் மேலே நகர்வதே முதல் எச்சரிக்கை. முள் இல்லாத கார்களில் சிவப்பு விளக்கு எரியும். கூலன்ட் கசிந்தால் இனிப்பு வாடை வரும். உயர்ந்த முள் திடீரென இறங்கினால் நிம்மதி அடைய வேண்டாம். கூலன்ட் வற்றிவிட்டால், அதில் மூழ்கியிருக்க வேண்டிய சென்சார் சரியான சூட்டைக் காட்டாது.

முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே இழுத்துவிடும். முள் சிவப்பைத் தொட்டாலோ, ஆவி வந்தாலோ பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். 'இன்னும் இரண்டு வளைவுதானே' என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். சிலிண்டர் ஹெட்டே வளைந்தும் போகலாம். ஆவி அடங்கும்வரை பானெட்டையும் திறக்க வேண்டாம்.

இனிதான் பலரும் தவறுகிறார்கள். தண்ணீர் ஊற்றும் அவசரத்தில் கை மூடிக்குப் போகிறது. அந்த மூடி உள்ளே அழுத்தத்தைக் காத்து நிற்கிறது. அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. உள்ளே 115 டிகிரியில் 5 லிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூடி திறந்து அழுத்தம் விலகியதும் அதில் ஏறத்தாழ 140 மில்லி நொடியில் ஆவியாகிறது. அந்த ஆவிக்கு 200 லிட்டருக்கும் மேல் இடம் வேண்டும். அது எஞ்சிய கொதிநீரையும் வாரிக்கொண்டு முகத்திலும் கையிலும் பீய்ச்சும். மூடி மேல் துணி போட்டாலும் இதைத் தடுக்க முடியாது. அழுத்தம் தாங்கும் கூலன்ட் டேங்க் மூடிக்கும் இதே விதிதான்.

குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அழுத்திப் பாருங்கள். விறைப்பாகவோ சூடாகவோ இருந்தால் இன்னும் பொறுங்கள். நன்றாக ஆறிய பிறகு தடித்த துணி போர்த்தி, முகத்தை விலக்கி, மூடியைச் சிறிதளவு மட்டும் திருப்புங்கள். சீறல் முழுதும் நின்ற பிறகே கழற்றுங்கள். கூலன்ட்டையோ தண்ணீரையோ மெதுவாக ஊற்றுங்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழலாம். மீண்டும் மட்டம் இறங்கினால் ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

கிளட்ச்சும் பிரேக்கும் கற்றுத்தரும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள், மூடிக்கு முன் காத்திருக்க வேண்டிய இந்த அரை மணி நேரத்தையும் கற்றுத்தர வேண்டும்.

– கட்டுரையாளர், மோட்டார் வாகனத் தொழில்நுட்பப் பயிற்றுநர்