கம்ப்ரசருக்குப் பத்தாண்டு, கேஸுக்கு யார் பொறுப்பு?

குளிர்சாதனப் பெட்டிக்கான ரசீது அச்சாகும் இடைவெளியில் விற்பனையாளர் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: “இன்னும் ஒரு மூவாயிரம் கட்டினால் மூன்று வருடத்துக்குக் கவலையே இல்லை சார்.” எந்தப் பழுதுக்கு, யாருடைய பொறுப்பில், எந்த நாள் முதல் என்ற மூன்றும் அதில் இல்லை, விலை மட்டுமே இருக்கிறது. நீட்டிப்பு வாரண்டி என்னும் வணிகம் இந்த மௌனத்தின் மீதுதான் நிற்கிறது.

இந்தியச் சந்தையில் பெரும்பாலான ஃபிரிட்ஜ்களுக்குத் தயாரிப்பாளர் முழுப்பெட்டிக்கு ஓராண்டும் கம்ப்ரசருக்குப் பத்தாண்டும் உத்தரவாதம் தருகிறார். கடை இதை இரு முறை விற்கிறது. முதலில், பத்தாண்டு வாரண்டி என்று சொல்லிப் பெட்டியை; சற்று நேரம் கழித்து, ஓராண்டுக்குப் பின் பாதுகாப்பே இல்லை என்று சொல்லி நீட்டிப்பை. அந்தப் பத்தாண்டு, பொதுவாக, கம்ப்ரசர் என்ற பாகத்துக்கு மட்டும். அதை மாற்றும் கூலியும் புதிதாக நிரப்பும் கேஸும் பெரும்பாலும் உரிமையாளர் தலையில்தான் விழும்.

எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: கம்ப்ரசர் நன்றாக இருந்து, கேஸ் மட்டும் கசிந்தால், கசிவைக் கண்டுபிடிப்பதற்கும் அடைப்பதற்கும் மீண்டும் நிரப்புவதற்கும் இந்தத் திட்டம் பணம் தருமா? இன்றைய பெட்டிகள் பலவற்றில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள், நுரைக்கு அடியில் புதைந்திருக்கின்றன. அங்கே துளை விழுந்தால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், ஃப்ரீசரில் பனி கட்டாது. கம்ப்ரசர் பழுதாகாததால் பத்தாண்டு உத்தரவாதம் உதவாது. நீட்டிப்புத் திட்டமோ கேஸைத் ‘தீர்ந்துபோகும் பொருள்’ என்று வகைப்படுத்தி விலக்கியிருக்கலாம். கதவு ரப்பர், கண்ணாடித் தட்டு, விளக்கு ஆகியவையும் விலக்குப் பட்டியலில் வழக்கமாக இடம்பெறுபவை. ‘எல்லாம் கவர் ஆகும்’ என்ற வாய்மொழி அந்தப் பட்டியலை ரத்து செய்துவிடாது.

இரண்டாவது, வாக்குறுதி யாருடையது என்பது. பெட்டியின் மேல் இருக்கும் பெயரே ஒப்பந்தத்திலும் இருக்கும் என்று வாங்குபவர் எண்ணிக்கொள்கிறார். பல திட்டங்களை நடத்துவது கடையோ, வேறொரு மூன்றாம் நிறுவனமோதான். அந்த நிறுவனத்தின் பெயர் என்ன, அது அனுப்பும் பணியாளர் தயாரிப்பாளரின் உதிரிபாகங்களைப் போடுவாரா, அவர் பெட்டியைத் திறந்தால் கம்ப்ரசருக்கான உத்தரவாதம் செல்லுமா என்று கேட்டாக வேண்டும். முனைவர் பட்டத்துக்காக ஹைதராபாத்தில் இருந்துவிட்டுப் பணிக்காகப் புவனேசுவரம் செல்லும் ஆய்வாளருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: அங்கே சேவை கிடைக்குமா? பெட்டியை விற்றுவிட்டுப் போனால் வாங்கியவர் பெயருக்குத் திட்டம் மாறுமா?

இனி நாளும் பணமும். 28,000 ரூபாய்ப் பெட்டிக்கு 3,000 ரூபாயில் ‘மூன்று வருடத்’ திட்டம் என்று வைத்துக்கொள்வோம். அது ரசீது நாளிலிருந்தே எண்ணப்பட்டால் முதலாண்டு தயாரிப்பாளர் ஏற்கெனவே இலவசமாகத் தந்தது. விலை கொடுத்து வாங்குவது இரண்டு ஆண்டுகளைத்தான். அந்த ஈராண்டில் நேரக்கூடிய, திட்டம் ஏற்கும் ஒரு பழுதுக்குச் செலவு 6,000 ரூபாய் என்று கொண்டால், அது நேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி இருந்தால்தான் கட்டிய தொகை சரிக்குச் சரியாகும். விலக்குப் பட்டியல் நீளும்தோறும் அந்த வாய்ப்பு சுருங்குகிறது. நிகழ்தகவு படித்தவர்களும் கடை மேசையருகே இக்கணக்கைப் போடுவதில்லை. அவ்வளவு நேரம் அங்கே தரப்படுவதில்லை என்பதே காரணம். பழுது நீக்க முடியாமல் போனால் புதுப்பெட்டியா, தேய்மானம் கழித்த தொகையா, அதுவும் பணமாகவா அதே கடையின் கூப்பனாகவா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

நீட்டிப்பு எல்லாமே வீண் என்று சொல்லிவிட முடியாது. இன்வெர்ட்டர் வகைப் பெட்டியின் மின்னணுப் பலகை விலையுயர்ந்தது. அதை ஏற்கும் திட்டத்துக்கு மதிப்புண்டு. ஆனால் அப்பலகையைக் கெடுப்பது பல ஊர்களில் மின்னழுத்த ஏற்ற இறக்கம். அதை விலக்கிவிட்டுப் பலகையை மட்டும் ஏற்பது குடையை விற்றுவிட்டு மழையை விலக்குவது போன்றது.

இவற்றுக்கான விடைகள் விதிமுறைத் தாளில் இருக்கின்றன. “பணம் கட்டிய பிறகு மின்னஞ்சலில் வரும்” என்று கடை சொன்னால், பணத்தையும் தாள் வந்த பிறகே கட்டலாம். விற்பனையாளர் வாயால் சொன்னதை ரசீதின் பின்புறம் எழுதிக் கையெழுத்திடச் சொல்வதும் தகும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. அங்கே கேட்கப்படுவது அந்த எழுத்தைத்தான்.