கால் வீங்குமுன் தராசு சொல்லும்

"ஏன் பெரியம்மா, செருப்புப் போடல்லையா?" என்று கேட்டேன். "வார் இறுக்குது மகன். வெயிலுக்குக் கால் ஊதியிருக்கும்" என்றார். மட்டக்குளியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவர். மூன்றாம் நாள் இரவு படுக்க முடியாமல் கட்டில் ஓரத்தில் குந்தியபடி மூச்சுக்குத் தவித்தார். 1990 அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அவர் நிறை 63 கிலோ. ஒன்பது நாள் கழித்து வீடு திரும்பும்போது 58.2. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ என்றால், கிட்டத்தட்ட ஐந்து லீற்றர் நீரை அவர் உடம்பில் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார்.

அவருக்கு இருப்பது இதயச் செயலிழப்பு. இதயம் நின்றுவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. இரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்துவிட்டது, அவ்வளவுதான். தன்னிடம் வரும் இரத்தம் குறைவதால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று சிறுநீரகம் எடுத்துக்கொள்கிறது. உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்த நீர் முதலில் தராசில் தெரியும். சில லீற்றர் சேர்ந்த பிறகே காலில் தெரியும். நுரையீரலை நிறைக்கும்போதுதான் மூச்சில் தெரியும். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே நிறை ஏறத் தொடங்கிவிடுகிறது என்று 2007இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பெரியம்மாவின் செருப்பு வார் இறுகியது முதல் எச்சரிக்கை அல்ல. முதல் எச்சரிக்கையைப் பார்க்க அவர் வீட்டில் தராசு இருக்கவில்லை.

நான்கு நெடுக்குக் கோடு

இப்போது இருக்கிறது. அதன் பக்கத்தில் நான்கு கோடு போட்ட ஒரு சி.ஆர். கொப்பியும் இருக்கிறது. காலையில் எழுந்து, சலம் கழித்து, தேத்தண்ணி குடிக்குமுன், அதே மெல்லிய உடுப்போடு தராசில் ஏற வேண்டும். தராசு சீமெந்துத் தரையில் இருக்க வேண்டும். பாய்க்கு மேல் வைத்தால் கணக்குப் பிழைக்கும். 100 கிராம் வித்தியாசம் காட்டும் டிஜிட்டல் தராசு நல்லது. ஆஸ்பத்திரித் தராசும் வீட்டுத் தராசும் ஒத்துப்போகாது. ஆகவே வீடு திரும்பிய மறுநாள் காலை வீட்டுத் தராசு காட்டும் எண்ணையே, வீக்கமில்லாத நிறையாக முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் நிரலில் திகதி, இரண்டாவதில் நிறை. மூன்றாவதில் கால். முன்காலின் எலும்பு மேல் கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா, நின்றால் கணுக்காலோடு நிற்கிறதா, முழங்கால்வரை ஏறியிருக்கிறதா என்று எழுத வேண்டும். படுக்கையிலேயே கிடப்பவருக்கு நீர் காலில் சேராது, இடுப்பின் பின்பக்கம் சேரும். அங்கே அழுத்திப் பார்க்க வேண்டும். நான்காவது நிரலில் இரவு எத்தனை தலையணை வைத்துப் படுத்தார் என்பது.

இரண்டு மாதம் கழித்து வந்த ஒரு பக்கம் இது. ஞாயிறு 58.3. அன்று மகள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. திங்கள் 58.8, முழங்கால் வலிக்குப் பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கிப் போட்டிருக்கிறார். செவ்வாய் 59.6. புதன் 60.5. கணுக்காலில் இலேசான குழி. தலையணை வழக்கம்போல இரண்டு. மூச்சு முட்டவில்லை, பெரியம்மாவுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் மூன்று நாளில் 2.2 கிலோ ஏறியிருந்தது. அன்றே டொக்டரிடம் கொப்பியைக் காட்டினோம். உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும் அந்த வலிக் குளிசையை நிறுத்தினார். சலம் போகும் குளிசையான ப்ருசமைட்டை மூன்று நாளுக்கு இரட்டிப்பாக்கினார். சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் இரத்தப் பரிசோதனை எழுதினார். ஞாயிறு காலை தராசு 58.5 காட்டியது. அம்புலன்ஸ் வரவில்லை.

எப்போது அழைப்பது

கொப்பியின் அட்டையில் விதிகளை ஒட்டி வைத்திருக்கிறோம். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால், குழி கணுக்காலைத் தாண்டி மேலே போனால், ஒரு தலையணை கூடுதலாகத் தேவைப்பட்டால், இரவில் மூச்சடைத்தோ இருமியோ எழும்பினால் அன்றே டொக்டருக்குச் சொல்ல வேண்டும். அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. நிறை 2 கிலோ இறங்கித் தலை சுற்றினாலும், வாந்தி வயிற்றோட்டம் வந்தாலும் அப்படித்தான்: அப்போது குளிசை நீரை அளவுக்கு மீறி இறக்குகிறது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மயங்கினால், இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தால் கொப்பியைத் தேட வேண்டாம், 1990ஐ அழைக்க வேண்டும்.

இந்த எண்கள் பொதுவானவை. உங்கள் எண்ணை உங்கள் டொக்டர்தான் எழுத வேண்டும். அவர் எழுதித் தராமல் சலம் போகும் குளிசையை நீங்களாகக் கூட்டவும் கூடாது.

தராசுக்கும் எல்லை உண்டு. சாப்பாடு குறைந்து தசை கரையும்போது, உள்ளே நீர் ஏறினாலும் நிறை அசையாமல் நிற்கும். நிறை ஏறாமலே சிலருக்கு மூச்சு முட்டும். அதனால்தான் தலையணைக்கு ஒரு நிரல். கால் வீக்கமெல்லாம் இதயத்தால் வருவதுமல்ல. பிரஷருக்குப் போடும் அம்லோடிபினும் கணுக்காலை வீங்கவைக்கும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அது இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வாசிக்க ஓர் ஆள்

கொப்பி எழுதச் சொல்வது சுலபம். அதை யார் வாசிப்பது என்பதுதான் என் கேள்வி. அமெரிக்காவில் இதயச் செயலிழப்புள்ள 1,600க்கும் மேற்பட்டோரில் பாதிப் பேரைத் தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசிக்குத் தங்கள் நிலைமையைச் சொல்லவைத்தார்கள். 2010இல் வந்த முடிவின்படி, ஆஸ்பத்திரிக்குத் திரும்புவதும் குறையவில்லை, சாவும் குறையவில்லை. அவர்களில் ஏழில் ஒருவர் அந்த இயந்திரத்துடன் ஒரு தடவைகூடப் பேசவில்லை. ஜெர்மனியில் நோயாளிகள் நிறை, பிரஷர், ஈசிஜி போன்றவற்றைத் தினமும் அனுப்பினார்கள். மறுமுனையில் 24 மணி நேரமும் டொக்டரும் தாதியும் இருந்தார்கள். 2018இல் வந்த அந்த முடிவில் ஆஸ்பத்திரி நாட்களும் குறைந்தன, சாவும் குறைந்தது.

ஜெர்மனியின் வசதியை நான் கேட்கவில்லை. நம் நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. பிள்ளை பிறந்தால் தாயின் கையில் ஒரு பதிவேடு தருகிறார்கள். மாதாமாதம் பிள்ளையை நிறுத்து, நிறப் பட்டைகளுக்கிடையே புள்ளி வைக்கிறார்கள். கோடு சரிந்தால் மிட்வைப் மிஸ் காரணம் கேட்கிறார். படிக்காத தாய்க்கும் அந்தக் கோடு புரிகிறது, ஏனென்றால் அதைப் பார்த்துப் பேச ஓர் ஆள் இருக்கிறார். மாதத்தில் ஒருநாள் கிளினிக், நீண்ட வரிசை, இரண்டு நிமிடம் என்று வாழும் இதய நோயாளிக்கு அந்த ஆள் இல்லை. புதன்கிழமை காலை 60.5 என்று எழுதியவர் யாருக்குச் சொல்வது?

வீட்டுக்கு அனுப்பும் நாளில் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதித் தர வேண்டும்: வீக்கமில்லாத நிறை எவ்வளவு, எந்த எண்ணைத் தாண்டினால் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும். அந்த மூன்றாவது வரியில் ஆஸ்பத்திரித் தொலைபேசி எண்ணைத் தர முடியாவிட்டால், "முன்பதிவில்லாமல் வரலாம்" என்று எழுதட்டும். அல்லது பக்கத்து டிஸ்பென்சரி டொக்டருக்கு ஒரு சிறு குறிப்பு எழுதட்டும். எங்களுக்கு ஒழுங்கை முனையிலுள்ள டிஸ்பென்சரி டொக்டர் அந்த ஆளாக அமைந்தார். அது அதிர்ஷ்டம். பெரியம்மாவின் கொப்பியில் நாங்களே கேட்டு எழுதிய அந்த மூன்றாவது வரி, எல்லார் கொப்பியிலும் கேட்காமலே இருக்க வேண்டும்.