பெயரில் ஓர் எழுத்து: ஆதார் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைமைச் செயல் அலுவலர்,
இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம், புது டெல்லி.



தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுத இதுதான் முறை என்று ஒன்று கிடையாது. லட்சுமி என்ற ஒரே பெயரைத் தமிழ்நாட்டில் LAKSHMI, LATCHUMI, LATCHMI, LETCHUMI என்று நான்கு விதமாகவாவது எழுதுகிறார்கள். பள்ளியில் சேர்த்த ஆசிரியர் ஒரு விதமாக எழுதியிருப்பார். ஆதார் பதிவு முகாமில் கணினி முன் இருந்தவர் காதில் விழுந்தபடி வேறு விதமாகத் தட்டியிருப்பார். இரண்டையும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் வருமான வரித் துறையின் கணினியும் வங்கியின் கணினியும் ஒப்பிடுவது ஒலியை அல்ல, எழுத்தை. அதனால் ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிகிறார்.

எழுத்துக்கூட்டலைவிடப் பெரிய சிக்கல் இனிஷியலில் இருக்கிறது. வட இந்தியப் படிவங்கள் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கொண்டவை. தமிழருக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு. பள்ளிச் சான்றிதழில் அது பெயருக்குப் பின்னால் ஓர் ஒற்றை எழுத்தாக நிற்கும். பான் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது ஒற்றை எழுத்தை ஏற்பதில்லை என்பதால் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். ஆதாரில் இனிஷியல் முன்னால் வரலாம், பின்னால் வரலாம், இல்லாமலேகூட இருக்கலாம். பெண்களுக்கு இன்னொரு படியும் உண்டு. திருமணத்துக்குப் பின் அப்பாவின் எழுத்து போய்க் கணவரின் எழுத்து வந்து சேர்கிறது. யாரும் இதைப் பெயர் மாற்றமாக நினைப்பதில்லை, ஊர் வழக்கமாகவே நினைக்கிறார்கள். ஆவணங்களின் கணக்கில் அது பெயர் மாற்றம்.

முத்துலட்சுமி என்ற ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டால் இது தெளிவாகும். அப்பா ராமசாமி, கணவர் கணேசன். அவருடைய ஆவணங்கள் இப்படி நிற்கின்றன:

```
பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் : MUTHULAKSHMI R
பான் அட்டை                           : MUTHULAKSHMI RAMASAMY
ஆதார்                                : G MUTHULETCHUMI
வங்கிக் கணக்கு                       : G MUTHULETCHUMI
```

ஆதாரைக் காட்டிக் கணக்கு தொடங்கியதால் வங்கியில் ஆதாரின் பிழை அப்படியே இறங்கியிருக்கிறது. பான் எண்ணை ஆதாருடன் இணைக்கப் போனால் பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்புகிறது. இணைக்காத பான் செயலிழந்ததாகக் கருதப்படும். வங்கி வட்டியில் வரி கூடுதல் விகிதத்தில் பிடிக்கப்படும்.

இங்கே முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்தப் பெயரை நிலைநிறுத்துவது என்பது. எளிதாகத் திருத்தக்கூடிய ஆவணத்தை, திருத்தக் கடினமான ஆவணத்துக்கு ஏற்ப மாற்றுவதே சரியான வழி. பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் திருத்துவது கடினம். பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறை வரை போக வேண்டும். கணவரின் இனிஷியலே வேண்டும் என்று முத்துலட்சுமி விரும்பினால் பான் அட்டையையும் மாற்ற வேண்டும், சான்றிதழோ பழையபடியே நிற்கும். அப்பா பெயரோடு இருந்துகொள்ளலாம் என்று முடிவெடுத்தால் மாற்ற வேண்டியவை ஆதாரும் வங்கியும் மட்டும். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார் என்று கொள்வோம்.

ஆதார் சேவை மையத்தில் பெயர்த் திருத்தத்துக்கு 2025 அக்டோபர் முதல் கட்டணம் 75 ரூபாய். கொண்டுபோகும் அடையாளச் சான்றில் விரும்பும் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். முத்துலட்சுமிக்குப் பான் அட்டையே போதும், அது ஏற்கப்படும் சான்றுகளில் ஒன்று. சரியான எழுத்துக்கூட்டலோடு எந்த அட்டையும் கையில் இல்லாதவர்கள் ஆணையத்தின் மாதிரிப் படிவத்தில் வட்டாட்சியரிடமோ சட்டமன்ற உறுப்பினரிடமோ புகைப்படத்துடன் சான்று வாங்கலாம். அந்தச் சான்று மூன்று மாதங்களுக்குத்தான் செல்லும். நோட்டரியிடம் முத்திரைத்தாளில் எழுதி வாங்கும் 'இருவரும் ஒருவரே' என்ற உறுதிமொழியை நம்பிப் போகிறவர்கள் பலர். அது ஓர் அலுவலருக்கு விளக்கம் சொல்ல உதவும். கணினியில் இருக்கும் பெயரை அது மாற்றாது. முதற்பெயரே முழுதாக வேறு பெயராக மாறினால்தான் அரசிதழ் அறிவிப்பு தேவைப்படும். எழுத்துப் பிழைக்கு அது தேவையில்லை.

மையத்தில் கவனம் தேவைப்படும் நேரம் இரண்டே நிமிடம். பதிவாளரின் திரையில் தெரிவதை, விண்ணப்பிப்பவர் பக்கம் திருப்பி வைத்த இன்னொரு திரையிலும் காட்ட வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. அந்தத் திரையில் ஆங்கில வரியை மட்டுமல்லாமல் தமிழ் வரியையும் படித்துப் பார்க்க வேண்டும். மென்பொருள் ஆங்கிலத்திலிருந்து தானாகவே தமிழ் வரியை உண்டாக்குகிறது. ஆங்கில எழுத்தில் குறில் நெடில் தெரியாது, ல ள ழ வேறுபாடும் பெரும்பாலும் தெரியாது. VALLI என்பதிலிருந்து வள்ளியா வல்லியா என்று கணினியால் ஊகிக்க முடியாது. KALA என்றால் கலாவா, களாவா, காலாவா என்பதும் அப்படித்தான். பதிவாளர் அந்த வரியைக் கையால் திருத்தலாம். கூட்டம் நிற்கும்போது பலரும் திருத்துவதில்லை. எழுத்தறியாத முதியவர் திரையைப் பார்த்தும் பயனில்லை. தமிழ் வரி தப்பாக அச்சாகி வந்த பிறகு அதைச் சரிசெய்ய இன்னொரு நடை, இன்னொரு கட்டணம்.

முடிந்ததும் தரும் ஒப்புகைச் சீட்டில் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பது அச்சாகி இருக்கும். மையத்தை விட்டு வெளியே வருமுன் அதைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பிழை அங்கேயே தெரிந்தால் அங்கேயே கேட்க முடியும். சீட்டில் உள்ள எண்ணைக் கொண்டு விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று இணையத்திலும் 1947 என்ற தொலைபேசி எண்ணிலும் அறியலாம்.

ஆதார் திருந்திவிட்டால் பான் இணைப்பு தடையில்லாமல் நடக்கும். வங்கி தானாகத் திருந்தாது. கணக்கு உள்ள கிளைக்கு நேரில் போய் விண்ணப்பம் எழுதி, புதிய ஆதார் நகலில் கையெழுத்திட்டு, அசலையும் காட்ட வேண்டும். அங்கே எழும் கேள்வி நியாயமானதுதான்: G MUTHULETCHUMI என்பவரும் MUTHULAKSHMI RAMASAMY என்பவரும் ஒரே ஆள்தானா? இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஆதார் எண் மாறவில்லை. ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும் புதுப்பிப்பு வரலாற்றில் பழைய பெயரும் புதிய பெயரும் தேதியோடு இருக்கும். அந்தத் தாளை அச்சிட்டுக் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது. இனிஷியல் மாறியதற்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ் பதில் சொல்லும். திருமணத்தால் பெயர் மாறியிருந்தால் அரசு தந்த திருமணச் சான்றிதழையோ அரசிதழ் அறிவிப்பையோ சேர்த்து வைத்து, பழைய பெயரில் உள்ள அடையாள ஆவணத்தையே ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் அறிதல் விதிகள் சொல்கின்றன. அதாவது இரண்டில் ஒன்று போதும். திருமணச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணிடம் அரசிதழும் வேண்டும் என்று கேட்பது விதிக்கு மீறியது. கிளை மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும். வங்கிக்கு எழுதிய புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

வங்கியில் பெயர் மாறிய பின் பாஸ்புக், டெபிட் அட்டை, காசோலைப் புத்தகம் மூன்றும் புதிதாக வர வேண்டும். நகைக்கடன், வைப்புத்தொகை ரசீது, வாரிசு நியமனம் ஆகியவற்றில் பழைய பெயர் தங்கிவிடுவது உண்டு. இவற்றைத் தனியே கேட்டுப் பார்க்க வேண்டும். வைப்புத்தொகை முதிர்வடையும் நாளிலோ, அதைவிடக் கொடிதாக ஒரு சாவுக்குப் பின்னரோதான் பல குடும்பங்களுக்கு இது தெரியவருகிறது.

ஆணையத்தின் ஒரு விதியால் இந்த ஒழுங்கான வழி பலருக்கு அடைபட்டுப் போகிறது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். முத்துலட்சுமி திருமணத்துக்குப் பின் G என்ற எழுத்தைச் சேர்த்தது ஒன்று. இப்போது அப்பா பெயருக்குத் திரும்புவது இரண்டு. இந்த இரண்டாம் முறையில் பதிவாளர் RAMASAMY என்பதை RAMASWAMY என்று தட்டிவிட்டால், சரியான பான் அட்டையை நீட்டிய அந்தப் பெண்ணின் வாய்ப்புகள் தீர்ந்துவிடும். பிறகு விலக்கு கேட்டு ஆணையத்தின் மண்டல அலுவலகத்தை அணுக வேண்டும். தமிழ்நாட்டுக்கு உரிய மண்டல அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது. தினக்கூலிக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு தொலைவு என்பதை அலுவலர் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வரம்பு வைத்ததன் நோக்கம் புரிகிறது. பெயரை அடிக்கடி மாற்றி ஏமாற்றுகிறவர்களைத் தடுக்க அது தேவை. ஆனால் விண்ணப்பத்தோடு சேர்த்துப் பதிவேற்றிய சான்றின் நகல் ஆணையத்திடமே இருக்கிறது. சான்றில் ஒரு விதமாகவும் பதிவில் வேறு விதமாகவும் இருந்தால், பிழை யாருடையது என்பதை அந்த நகலே காட்டிவிடும். அப்படிப்பட்ட திருத்தத்தை இரண்டு முறை என்ற கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்குக் கட்டணமும் வாங்கக் கூடாது. தமிழ் வரியில் மட்டும் உள்ள பிழைக்கும் இதுவே பொருந்தும், அதை எழுதியது மென்பொருள். பதிவு செய்த பெயரை இரண்டு மொழியிலும் வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே பதிவாளர் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும் என்று ஓர் உத்தரவும், இனிஷியலை எங்கே எப்படி எழுதுவது என்று தமிழில் ஒரு பக்க வழிகாட்டியும் ஒவ்வொரு மையத்தின் சுவரிலும் இருக்க வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஆணையத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். அந்தச் சுற்றறிக்கையை அலுவலர் அவர்கள் பிறப்பிக்க வேண்டும்.