எழுத்துக்கு முன் காது

மட்டாஞ்சேரியின் ஆங்கிலப் பெயர்ப்பலகைகளை நம்பி மலையாளமோ தமிழோ கற்கத் தொடங்குபவர் முதல் நாளிலேயே வழிதவறுகிறார். கொச்சியின் இரட்டைச் சகரம் அங்கே ஒற்றையாகிறது. மட்டாஞ்சேரியின் ஒற்றை ரகரமோ இரட்டிக்கிறது. ஆங்கிலத்தில் மெய் இரட்டித்தால் முன்னுள்ள உயிர் பெரும்பாலும் குறில். எனவே ‘சே’ என்னும் நெடிலும் குறுகிப் போகிறது.

இதற்குத் தீர்வு நம் லிபியை முதலில் கற்பிப்பதே என்பார்கள். நான் மறுக்கிறேன். லிபி வேறுபாட்டைக் கண்ணுக்குக் காட்டும், காதுக்குக் காட்டாது. இந்தியிலும் குஜராத்தியிலும் எகர ஏகாரங்களின் அளவு வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. ஒகர ஓகாரங்களுக்கும் அதுவே. அவற்றைத் தாய்மொழியாகக் கொண்டவர் ‘கொடி’, ‘கோடி’ இரண்டையும் பிழையின்றி எழுதுவார். கேட்கும்போது இரண்டும் அவருக்கு ஒன்றே.

‘சூழல் விளக்கிவிடும்’ என்பது அடுத்த சமாதானம். கடைவீதியில் ‘புள்ளி’ என்று கேட்டாலும் புளி கிடைத்துவிடும், உண்மைதான். ஆனால் ‘காலில் அடிபட்டது’, ‘கல்லில் அடிபட்டது’ என்னும் இரண்டையும் விழுந்தவர் ஒருவரே, ஒரே மருத்துவரிடம் சொல்லலாம். அங்கே சூழல் எதைத் தெளிவாக்கும்?

பாடநூல்களின் பெரும்பிழை ‘படு–பட்டு’ என்று தொடங்குவது. ஒற்றை டகரம் மென்மையாகவும் குரலுடனும் ஒலிக்கிறது; இரட்டை டகரம் குரலின்றி வன்மையாக ஒலிக்கிறது. மாணவர் அந்த வன்மையைப் பிடித்துக்கொண்டு அளவைக் கேட்டதாக நம்பிவிடுகிறார். ‘கனி–கன்னி’, ‘புளி–புள்ளி’ ஆகியவற்றில் தடுமாறினால் குட்டு வெளிப்படும். இங்கே இரண்டிலும் குரல் உண்டு. நாக்கு எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதுதான் முதன்மையான வேறுபாடு. பயிற்சி இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

திரும்பச் சொல்லவைப்பதும் காதுப் பயிற்சி ஆகாது. கிளியும் திரும்பச் சொல்லும். நான்கைந்து பேரின் குரலில், வெவ்வேறு வேகத்தில், ஒரே வாக்கியத்துக்குள் வைத்து இச்சொற்களைப் பதிவுசெய்யுங்கள். வரிசையைக் கலைத்து இருபது முறை ஒலிக்கவிடுங்கள். மாணவர் பேசாமல் பொருளைக் குறிக்கும் படத்தைத் தொடட்டும். சரியா தவறா என்று உடனே சொல்லுங்கள். இருபதில் பத்து சரி என்றால் அது வெறும் ஊகம். பதினெட்டைத் தொட்ட பிறகு ‘கொடி–கோடி’க்குச் செல்லலாம். ஒரே குரலில் மட்டும் பழகியவர் அந்தக் குரலை மட்டுமே கற்றிருப்பார்.

இறுதியில் ‘கல்லில்–காலில்’. தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டிக்கும். நெடிலை அடுத்தது இரட்டிக்காது. இவ்விதியை நாம் புணர்ச்சிப் பாடமாக மட்டுமே நடத்துகிறோம். உண்மையில் அது செவிக்குக் கிடைத்த இரட்டைச் சான்று: உயிரின் அளவைத் தவறவிட்டவர் லகரத்தின் அளவைக் கொண்டு மீட்டுக்கொள்ளலாம்.

தேர்வுத்தாளில் ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கும் துறைகளே, அந்த ஒற்று மாணவரின் காதில் விழுகிறதா என்று ஒருமுறையேனும் சோதித்ததுண்டா?