"நல்ல ஸ்கின் டாக்டர் யாராச்சும் சொல்லுங்க": இந்தப் போஸ்ட்டைத் திருத்தி எழுதுவோமா?

"ஆம்பூர் வேலூர் பக்கம் நல்ல ஸ்கின் டாக்டர் இருந்தா சொல்லுங்க ஃப்ரெண்ட்ஸ். அப்பாவுக்கு. அர்ஜென்ட்."

போன மாசம் ஆம்பூர்த் தம்பி ஒருத்தர் இப்படிப் போட்டு என்னையும் டேக் பண்ணியிருந்தார். ஒரே ராத்திரியில் நாற்பது பதில். பாதிப் பேர் "சி.எம்.சி போங்க ப்ரோ". நாலு பேர் தங்களுக்குத் தெரிந்த டாக்டர் பெயர்கள். ஒருத்தர் வேப்பிலை, ஒருத்தர் ஹோமியோபதி. இன்னொருத்தர் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற ஒரு ட்யூபின் போட்டோவையே போட்டுவிட்டார். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்பது அவருக்கே தெரியாது.

பதில் சொன்னவர்கள் மேல் தப்பில்லைங்க. எல்லோரும் நல்ல மனசோடதான் சொன்னார்கள். கேள்வியில் இருந்த "நல்ல" என்ற சொல்தான் பிரச்னை. ஒருத்தருக்கு நல்ல டாக்டர்னா காத்திருக்க வைக்காதவர். இன்னொருத்தருக்குப் பொறுமையா பேசுறவர். வேறொருத்தருக்கு ஒரே ஊசியில் அரிப்பை நிறுத்தியவர். நாற்பது பேரும் தங்கள் மனசில் இருந்த கேள்விக்குப் பதில் சொன்னார்கள். தம்பியின் கேள்வி என்னன்னு யாருக்கும் தெரியாது.

இன்பாக்ஸில் கேட்டேன். அப்பாவுக்கு 52 வயது. தோல் தொழிற்சாலையில் இருபது வருஷமா வேலை. குரோம் போட்டுப் பதனிட்ட ஈரத் தோல், அந்த நீல நிறத் தோலை, நாள் முழுக்கக் கையாளுகிறார். எட்டு மாசமா ரெண்டு புறங்கையிலும் மணிக்கட்டிலும் அரிப்பு, வெடிப்பு. ஏற்கெனவே ரெண்டு டாக்டர் பார்த்தாச்சு. களிம்பு போடும்வரை அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. கிளவுஸ் போட்டும் சரியாகவில்லை. பொங்கலுக்கு அஞ்சு நாள் வீட்டில் இருந்தபோது மட்டும் பாதி குறைந்தது.

அந்தக் கடைசி வரியைப் பாருங்க. லீவில் குறைந்து வேலைக்குப் போனதும் ஏறுகிறது என்றால், வேலையில் தொடும் ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம். குரோமியமாக இருக்கலாம். கிளவுஸ் ரப்பரில் இருக்கும் ரசாயனமாகவும் இருக்கலாம். (சிமென்ட்டிலும் குரோமியம் உண்டு. ஞாயித்துக்கிழமை கொத்து வேலைக்குப் போறீங்கன்னா அதையும் டாக்டரிடம் சொல்லணும்.) ஒவ்வாமையே இல்லாமல், தண்ணீரும் ரசாயனமும் பட்டுப் பட்டுத் தோல் வெறுமனே புண்ணாகியும் இருக்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பிரித்துச் சொல்ல டெஸ்ட் வேணும்.

ரெண்டாவது டாக்டர் "அலர்ஜி டெஸ்ட் எடுங்க" என்றாராம். எந்த டெஸ்ட்னு போன் பண்ணிக் கேட்டுக்கோங்க என்றேன். பேட்ச் டெஸ்ட் என்று பதில் வந்தது. நிறைய பேர் "அலர்ஜி டெஸ்ட்"னா லேபில் ரத்தம் கொடுக்கிறதுன்னு நினைச்சுப்பாங்க. இந்த மாதிரி தொடு ஒவ்வாமைக்கு ரத்த டெஸ்ட் உதவாது. பேட்ச் டெஸ்ட்டில் சந்தேகப்படும் பொருள்களை ரொம்பக் கொஞ்சமாக எடுத்து முதுகில் வரிசையா ஒட்டுவார்கள். ரெண்டு நாள் கழிச்சு எடுத்துப் பார்ப்பார்கள். மறுபடி ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு தடவை பார்ப்பார்கள், ஏன்னா சிலது தாமதமாத்தான் சிவக்கும். அதுவரை முதுகில் தண்ணி படக்கூடாது, வியர்க்கும் வேலையும் கூடாது.

அதாவது திங்கள், புதன், வெள்ளி என்று ஒரே வாரத்தில் மூணு தடவை போகணும். ஞாயிறு மட்டும் லீவு உள்ள தொழிலாளிக்கு இது சாதாரண விஷயமா? இப்போ கேள்வியே மாறிவிட்டது இல்லையா?

நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து திருத்தி எழுதியது இது:

"அப்பாவுக்கு 52 வயசு. தோல் தொழிற்சாலையில ஈரத் தோல் கையாளுற வேலை, இருபது வருஷமா. எட்டு மாசமா ரெண்டு கையிலும் அரிப்பு, வெடிப்பு. லீவுல குறையுது, வேலைக்குப் போனா வருது. ரெண்டு டாக்டர் பார்த்தாச்சு, பேட்ச் டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க. ஆம்பூர்ல இருந்து வேலூர், ராணிப்பேட்டை வரை போக முடியும். ஈ.எஸ்.ஐ அட்டை இருக்கு. உங்களுக்கோ உங்க வீட்டுல யாருக்கோ இந்த டெஸ்ட் எடுத்திருந்தா மட்டும் சொல்லுங்க: எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பிரிவு, எந்த வருஷம், எத்தனை தடவை போனீங்க, சுமாரா என்ன செலவு? ஈ.எஸ்.ஐ வழியா போனவங்க எப்படிப் போனீங்க? மருந்து பேர் வேண்டாம்."

இதில் "நல்ல" கிடையாது, "அர்ஜென்ட்" கிடையாது. (நிஜமான அர்ஜென்ட்னா போஸ்ட் போடாதீங்க, 108-க்கு போன் போடுங்க.) "எடுத்திருந்தா மட்டும்" என்ற வார்த்தை கேள்விப்பட்டதைச் சொல்பவர்களை ஒதுக்கிவிடும். வருஷம் கேட்டது ஏன்னா, ஆறு வருஷத்துக்கு முன்னாடி பார்த்த டாக்டர் இப்போ ஊரிலேயே இல்லாமல் இருக்கலாம். "எந்தப் பிரிவு" என்று கேட்டது "சி.எம்.சி போங்க" பதிலுக்காக. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் எங்கே போய் நிற்பது, ஜெனரலா பிரைவேட்டா என்று தெரியாமல் வெறும் பெயரை வைத்து என்ன செய்வது?

எழுதாமல் விட்டதையும் கவனிங்க. அப்பா பெயர் இல்லை, ஆஸ்பத்திரி நம்பர் உள்ள சீட்டின் போட்டோ இல்லை, முக்கியமா கம்பெனி பெயர் இல்லை. முதல் போஸ்ட்டின் கீழே கமென்ட்டில் தம்பி கம்பெனி பெயரைச் சொல்லியிருந்தார். அழிக்கச் சொன்னேன். ஆம்பூரில் யார் யாருக்குச் சொந்தம்னு உங்களுக்குத் தெரியாததா? டாக்டர் பார்க்கும் முன்னாடியே சூப்பர்வைசர் காதுக்கு விஷயம் போக வேண்டாம்.

இந்தத் தடவை எட்டே பதில். அஞ்சு பழையபடிதான். மூணு பேர் டெஸ்ட் எடுத்தவர்கள் வீட்டார். மேல்விஷாரத்து அக்கா ஒருத்தர் மூணு தடவை போன கணக்கையும், முதல் நாளே லீவு லெட்டருக்கு ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கியதையும் சொன்னார். வாணியம்பாடிக்காரர் ஒருத்தர், நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடாதீங்க, முதலில் ஈ.எஸ்.ஐ மருந்தகத்தில் ரெஃபரல் எழுதி வாங்குங்க, அப்புறமா போனா பணம் வாங்க அலையணும் என்றார். மூணாமவரிடம் தம்பி திருப்பிக் கேட்டார்: "டெஸ்ட்டுக்கு முன்னாடி ஏதாச்சும் மாத்திரை நிறுத்தச் சொன்னாங்களா?" ஆமாம், ஸ்டீராய்டு என்று வந்தது. அதை நீங்களா நிறுத்தக் கூடாது, டெஸ்ட் எடுக்கும் டாக்டரிடம் கேட்டுத்தான் நிறுத்தணும்னு நான் கீழே சேர்த்தேன்.

டியூஷன், ஸ்கூல் கேட்கிறவங்களுக்கும் இதே கதைதான். "நல்ல மேத்ஸ் டியூஷன்" என்று கேட்காதீங்க. "பொண்ணு எட்டாவது வரை உருது மீடியம், இப்போ ஒன்பதாவது இங்கிலீஷ் மீடியம். கணக்கு போடத் தெரியுது, கேள்வி புரியல. ராத்திரி ஏழு மணிக்குள்ள வீடு திரும்பணும். இப்படி மாறின பிள்ளையை யார்கிட்ட அனுப்பினீங்க?" என்று கேளுங்க.

போய் வந்த பிறகு தம்பி அதே போஸ்ட்டின் கீழே எழுதியதைத் தம்பி அனுமதியோடு போடுகிறேன். அடுத்து தேடி வருகிறவருக்கு அது வேணும்:

"அப்டேட்: மூணு நாள் போனோம். அஞ்சு நாள் முதுகுல தண்ணி படாம இருந்தார், அதுதான் கஷ்டம். குரோமியம் ஒத்துக்கலைன்னு ரிப்போர்ட். ரப்பர் ஒத்துக்குது, அதனால கிளவுஸ் போடலாம். ஈரத் தோல் இல்லாத பிரிவுக்கு மாத்தச் சொல்லி லெட்டர் கொடுத்திருக்கோம். இன்னும் பதில் வரல. வந்ததும் எழுதுறேன்."