குற்றப் பதிவு எதை அளக்கிறது?

சிறையிலிருந்து திரும்பியவருக்கு வேலை கிடைக்காததற்கு அவருடைய குணமே காரணம், 'களங்கம்' என்பது சமூகவியலாளர்கள் கட்டிய சாக்கு என்று சிலர் வாதிடுகிறார்கள். இந்த வாதத்தைச் சமூகவியலாளர் டேவா பேஜர் 2001இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சோதித்துவிட்டார். கல்லூரி இளைஞர்களை இணைகளாக வேலை கேட்க அனுப்பினார். போதைப்பொருள் வழக்கில் 18 மாதம் சிறையிலிருந்ததாக இருவரில் ஒருவர் மாறி மாறிச் சொன்னார். யாரும் உண்மையில் சிறைக்குப் போனவரில்லை. ஆகவே குணத்தைக் குறை சொல்ல வழியில்லை. குற்றப் பதிவில்லாத வெள்ளையரின் விண்ணப்பங்களில் 34 சதவீதத்துக்கு மறு அழைப்பு வந்தது, பதிவுள்ளதாகச் சொன்னபோது 17. கறுப்பினத்தவருக்கு இது முறையே 14, 5. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் சொன்னது இதைத்தான்: களங்கம் ஒருவருக்குள் இருக்கும் பண்பு அல்ல, எதிரில் இருப்பவரின் எதிர்பார்ப்போடு சேர்ந்து உருவாகும் உறவு.

முதலாளி ஆபத்தைக் கணக்கிடுகிறார், அதில் என்ன தவறு என்பார்கள். அந்த அச்சத்தைப் பொய் என்று தள்ளமாட்டேன். ஆனால் சிறை சென்றதாகச் சொன்ன வெள்ளையருக்கு 17, குற்றமே செய்யாத கறுப்பினத்தவருக்கு 14 என்றால் அங்கே அளக்கப்படுவது கடந்தகாலக் குற்றம் மட்டுமல்ல. அப்படியானால் விண்ணப்பத்திலுள்ள குற்றப் பதிவுக் கேள்வியை நீக்கினால் போதுமா? நியூஜெர்சியிலும் நியூயார்க்கிலும் நீக்கினார்கள். ஆய்வாளர்கள் ஏகன், ஸ்டார் ஆகியோரின் ஆய்வின்படி, வெள்ளையர் கறுப்பினத்தவரைவிடக் கூடுதலாகப் பெற்ற அழைப்புகள் 7 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக ஏறின. தகவல் மறைந்ததும் முதலாளிகள் இனத்தைக் காட்டும் பெயரைப் பார்த்தே பதிவை ஊகித்தார்கள். குணமே காரணமென்றால், சிறை வாசலையே மிதிக்காதவர்களும் ஏன் இந்தத் தண்டனையைச் சுமக்கிறார்கள்?